எஸ்கியூலைட்டா, டேட்டாபேஸ் சர்வரா: சின்னத் தளங்களில் செய்யும் தவறுகள்

ஒரு சின்ன நூலகத்தின் இணையதளத்தைச் சில வருடங்கள் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தகப் பட்டியல், உறுப்பினர் கணக்கு, இரவல் விவரம், அவ்வளவுதான். பட்டியலைப் பார்க்க நாளுக்கு ஆயிரம் பேர் வருவார்கள். அதில் எழுதுகிறவர்கள் கவுன்டரில் இருக்கும் மூன்று ஊழியர்கள். ஜாங்கோவில் எழுதிய தளம், தரவு முழுவதும் ஒரே ஒரு எஸ்கியூலைட் கோப்பில். "ஆயிரம் பேர் வரும் தளத்துக்கு இது தாங்குமா, போஸ்ட்கிரெஸ் மாதிரி ஒரு டேட்டாபேஸ் சர்வர் போட்டுவிடலாமே" என்று பார்க்கிற ஒவ்வொருவரும் கேட்பார்கள்.

முதல் தவறு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. வருகிறவர்களை எண்ணிப் பயனில்லை. எஸ்கியூலைட்டில் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் படிக்கலாம். எழுதுவது மட்டும் ஒரு சமயத்தில் ஒருவர்தான், ஏனென்றால் எழுதும் பூட்டு கோப்பு முழுவதற்கும் ஒன்றே ஒன்று. எனவே எண்ண வேண்டியது எழுத்துகளை, அதாவது தரவில் எழுதும் தடவைகளை, அதோடு ஒவ்வொரு எழுத்தும் பூட்டை எவ்வளவு நேரம் பிடித்திருக்கிறது என்பதை. எங்கள் நூலகத்தில் நாளுக்குச் சுமார் 400 எழுத்துகள். ஒன்றுக்கு 5 மில்லி விநாடி என்று வைத்தாலும் மொத்தம் 2 விநாடி. 86,400 விநாடி உள்ள ஒரு நாளில் பூட்டு 2 விநாடிதான் பிடிபட்டிருக்கிறது. எஸ்கியூலைட்டின் சொந்தத் தளமான sqlite.org எஸ்கியூலைட்டில்தான் ஓடுகிறது. நாளுக்கு ஒரு லட்சம் ஹிட்டுக்குக் கீழே உள்ள தளங்களுக்கு அது தாராளமாகப் போதும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

எண்ணும்போது மறைந்திருக்கும் எழுத்துகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "இந்தப் புத்தகத்தை இத்தனை பேர் பார்த்தார்கள்" என்று ஒரு கணக்கு வைத்தால், சும்மா படிக்க வந்தவரும் எழுத்தாளராகிவிடுகிறார். ஜாங்கோவில் `SESSION_SAVE_EVERY_REQUEST` என்பதை `True` ஆக்கி, செஷனையும் டேட்டாபேஸில் வைத்தால், உள்நுழைந்தவர்கள் விஷயத்தில் அதே கதைதான். அந்த மாதிரி கணக்கை லாக் கோப்பிலிருந்து இரவில் ஒருமுறை கூட்டிக்கொள்ளலாம்.

அடுத்ததுதான் பெரிய தவறு. ஒரு நாள் மாலை கவுன்டரில் புத்தகத்தைத் திரும்பப் பெறும்போது `database is locked` என்று பிழை வந்தது. மறுநாளும் அதே நேரம். "அப்பவே சொன்னேனே" என்று எல்லோரும் போஸ்ட்கிரெஸ் பக்கம் கை காட்டினார்கள். எனக்கும் கிட்டத்தட்ட மனம் மாறிவிட்டது. அதற்கு முன் ஒன்றை மட்டும் கவனித்தேன்: பொத்தானை அழுத்தி எவ்வளவு நேரம் கழித்துப் பிழை வருகிறது? சரியாக ஐந்து விநாடி. பைத்தானின் `sqlite3` பூட்டுக்காகக் காத்திருக்கும் இயல்பு நேரமும் ஐந்து விநாடிதான். அப்படியென்றால் வேறு யாரோ ஐந்து விநாடிக்கு மேல் பூட்டை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

தேடினால், குற்றவாளி நான் எழுதியதுதான். கெடு தாண்டியவர்களுக்கு மாலை ஆறு மணிக்கு மின்னஞ்சல் அனுப்பும் ஸ்கிரிப்ட். அது ஒரு டிரான்சாக்‌ஷனைத் திறக்கும், ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சல் அனுப்பும், "நினைவூட்டல் போயாயிற்று" என்று குறிக்கும், எல்லாம் முடிந்த பிறகு ஒரே கமிட். முதல் குறிப்பை எழுதியவுடன் பூட்டு அதன் கைக்குப் போய்விடும். ஒரு மின்னஞ்சலுக்கு அரை விநாடி, 180 பேர், ஆக ஒன்றரை நிமிடம் கவுன்டர் முடங்கிக் கிடக்கும். மின்னஞ்சலை டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே அனுப்பி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குறித்துக் கமிட் செய்யும்படி மாற்றினேன். அதோடு பிழை நின்றது.

போஸ்ட்கிரெஸ்ஸுக்குப் போயிருந்தால்? அங்கே பூட்டு வரிசைக்கு வரிசை தனி, அதனால் கவுன்டர் ஓடியிருக்கும். ஆனால் அந்த 180 வரிசைகளில் ஏற்கெனவே குறித்துவிட்ட ஒன்றைத் திருத்தப் போன ஊழியர், பிழை எதுவும் வராமலேயே ஸ்கிரிப்ட் முடியும்வரை திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தவறு கண்ணில் படாமல் போயிருக்கும், அவ்வளவே.

பிழை காத்திருக்காமல் சட்டென்று வந்தால் காரணம் வேறு. சாதாரண `BEGIN` போட்டு, முதலில் படித்து, பிறகு அதே டிரான்சாக்‌ஷனில் எழுதப் போகும்போது இது நடக்கும். நீங்கள் படித்த பின் வேறொருவர் எழுதிவிட்டால் உங்கள் கையில் இருப்பது பழைய நகல். காத்திருந்தும் பயனில்லை என்பதால் எஸ்கியூலைட் உடனே கைவிரித்துவிடும். காத்திருப்பு நேரத்தை ஒரு நிமிடம் ஆக்கினாலும் இது தீராது. எழுதப்போகிறோம் என்று தெரிந்தால் `BEGIN IMMEDIATE` என்று தொடங்க வேண்டும். ஜாங்கோ 5.1 முதல் `OPTIONS`-இல் `"transaction_mode": "IMMEDIATE"` என்று கொடுத்தால் போதும்.

இயல்பு அமைப்புகளோடு அப்படியே ஓட்டுவதும் பலர் செய்கிற தவறு. இந்த மூன்று வரிகளை நான் எங்கும் விடுவதில்லை:

```sql
PRAGMA journal_mode=WAL;
PRAGMA busy_timeout=5000;
PRAGMA foreign_keys=ON;
```

முதல் வரி போட்டால், ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே மற்றவர்கள் தடையில்லாமல் படிக்கலாம். அது கோப்பிலேயே பதிந்துவிடும். மற்ற இரண்டையும் ஒவ்வொரு இணைப்பிலும் சொல்ல வேண்டும். (ஜாங்கோ மூன்றாவதைத் தானே போட்டுவிடும்.)

அந்த முதல் வரியால் பேக்கப்பில் ஒரு பள்ளம் உண்டாகிறது. புதிய எழுத்துகள் முதலில் `site.db-wal` என்ற பக்கத்துக் கோப்பில் சேரும். அது ஏறக்குறைய 1000 பக்கம், அதாவது 4 எம்பி அளவுக்கு வளர்ந்தாலோ, கடைசி இணைப்பும் மூடப்பட்டாலோதான் பொதுவாக முக்கியக் கோப்புக்கு நகரும். எங்களைப் போன்ற தளத்தில் ஒரு நாள் எழுத்து அந்த அளவைத் தொடாமலே போகலாம், இணைப்பு ஏதாவது ஒன்று திறந்தே இருக்கலாம். இரவில் `cp site.db` என்று நகல் எடுப்பவர் அன்றைய இரவல் எதுவும் இல்லாத கோப்பைப் பத்திரப்படுத்திக்கொண்டிருப்பார், அந்த நகலும் எந்தப் பிழையும் காட்டாமல் திறக்கும். சரியான வழி இது:

```sh
sqlite3 site.db "VACUUM INTO 'kappu-thingal.db'"
```

அதே பெயரில் பழைய நகல் இருந்தால் இது மறுத்துவிடும், எனவே நாள்தோறும் பெயரை மாற்றுங்கள். அப்புறம் நகலைத் திறந்து, கடைசி இரவல் பதிவின் நேரத்தை ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

சர்வர் வேண்டிய இடங்களும் உண்டு. அதை முடிவு செய்வது பெரும்பாலும் தளம் ஓடும் இடம்தான். இரண்டு கணினிகள் ஒரே தரவில் எழுத வேண்டும் என்றால் சர்வருக்குப் போய்விடுங்கள். கோப்பை நெட்வொர்க் டிரைவில் வைத்து இரண்டிலிருந்தும் திறப்பது மோசமான குறுக்குவழி: WAL முறை அங்கே வேலை செய்யாது, பூட்டுகளையும் நம்ப முடியாது, தரவே கெட்டுப்போகலாம். ஹெரோகு போன்ற இடங்களில் தளம் மறுதொடக்கம் ஆகும்போதெல்லாம் வட்டு துடைக்கப்படும். எழுத்தாளர் ஒரே ஒருவர் என்றாலும் அங்கே எஸ்கியூலைட் கோப்பு மறுநாள் இருக்காது.

எங்கள் நூலகம் பிறகு இரண்டாவது கிளை திறந்தது. அவர்களும் உலாவியில் இதே தளத்தைத்தான் திறக்கிறார்கள், கோப்பைத் தொடுவது இன்னும் ஒரே கணினிதான். அதனால் நான் எதையும் மாற்றவில்லை.