சாயங்கால அழுகை: ஆறாவது வாரத்தைத் தாண்டுவது எப்படி?

பகலெல்லாம் சமர்த்தாக இருந்த பிள்ளை, விளக்கு வைக்கிற நேரத்தில் முகம் சிவந்து, காலை வயிற்றோடு மடக்கி வீறிட்டு அழும். பிறந்து 2 வாரத்தில் தொடங்கும் இது, 6 வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், 3–4 மாதத்தில் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். குறைமாதக் குழந்தை என்றால் பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து கணக்கிடுங்கள்.

ஒன்றரை மாதப் பிள்ளை, அழுகை ஆறரைக்குத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஐந்தரை மணி. சமையலை முடித்து, நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள். டி.வி.யை நிறுத்தி வெளிச்சத்தைக் குறையுங்கள். விருந்தாளிகளைக் காலையில் வரச் சொல்லலாம்.

அழத் தொடங்கியதும் பால் கொடுத்துப் பாருங்கள், ஏப்பம் வர வையுங்கள், துணியை மாற்றுங்கள். அப்படியே விரல்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கால்விரலில் ஒரு தலைமுடி இறுகச் சுற்றியிருந்தாலும் பிள்ளை இப்படித்தான் கத்தும். விரல் வீங்கிச் சிவந்திருக்கும். முடி எளிதில் வரவில்லை என்றால் உடனே மருத்துவமனை.

பிறகு ஏதாவது ஒரு வழியை மட்டும் ஐந்து நிமிடம் மாற்றாமல் செய்யுங்கள். நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்து மெதுவாக நடங்கள், 'ஷ்ஷ்' என்று ஒரே சீராகச் சொல்லுங்கள். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள்: நிமிடத்துக்கொரு கை மாற்றி, கிலுகிலுப்பை ஆட்டி, தூளியை வேகமாக வீசுவார்கள். ஏற்கெனவே களைத்த பிள்ளைக்கு அது இன்னும் தொல்லை. ஐந்து நிமிடத்துக்குப் பிறகு வேண்டுமானால் அடுத்த வழிக்குப் போகலாம். எதற்கும் அடங்காத நாளும் உண்டு. அதில் உங்கள் கைப்பக்குவத்தின் குறை ஒன்றுமில்லை.

கிரைப் வாட்டர் இதைத் தீர்ப்பதாகச் சான்று இல்லை. வசம்பு, விளக்கெண்ணெய் எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. "உரம் விழுந்திருக்கு" என்று சேலையில் போட்டு உருட்டச் சொன்னால் பாட்டியிடம் பணிவாக மறுத்துவிடுங்கள். கழுத்து நிற்காத பிள்ளை அது.

உங்களால் முடியாதபோது. பல்லைக் கடிக்கிறீர்கள், பிடி இறுகுகிறது என்றால் பிள்ளையைத் தலையணை இல்லாத சமதளத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து அடுத்த அறைக்குப் போங்கள். 5–10 நிமிடம் கழித்து வந்து பாருங்கள். அந்த நேரம் அழுவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கோபத்தில் ஒருமுறை பிடித்து உலுக்கினால் மூளையில் ரத்தம் கசியலாம்.

வீட்டில் இருவர் இருந்தால் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். முறை இல்லாதவர் கதவைச் சாத்திப் படுக்க வேண்டும், பக்கத்தில் நின்று யோசனை சொல்லக் கூடாது.

காத்திருக்கக் கூடாதவை: 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல், பச்சை வாந்தி, மலத்தில் ரத்தம், பால் மறுப்பது, துவண்டு கிடப்பது, அடிவயிற்று மடிப்பில் கெட்டியான வீக்கம். இரவானாலும் கிளம்புங்கள்.