இறக்கும்போது மட்டும் துடித்த கிரேன்

கொழும்பு கிராண்ட்பாஸில் ஒரு லொறி கிரேன். பாரத்தைத் தூக்கும், பிடித்து நிற்கும். இறக்கும்போது மட்டும் அதன் நீண்ட கையான பூம் தடதடவென்று துடிக்கும்.

"வால்வு ஸ்பிரிங்கைக் கொஞ்சம் லூஸாக்குவமா, தம்பி?" என்றார் டிரைவர்.

"வேண்டாம் அண்ணை, பிறகு பாரம் நிற்காது."

பாரத்தின் அழுத்தம் 160 பார்; பாரம் தானாக விழாமல் பிடிக்கும் கவுண்டர்பேலன்ஸ் வால்வின் ஸ்பிரிங் செட்டிங் 210. அதில் குறையில்லை. இறக்கும்போது பம்ப் எண்ணெயின் அழுத்தம் பைலட் வழியாக வந்து இந்த வால்வைத் திறக்கும்; அந்த அழுத்தம் எத்தனை மடங்கு வேலை செய்யும் என்பதுதான் பைலட் விகிதம். முன்பு யாரோ மாற்றிய வால்வில் அது 10:1; சுமார் 5 பார் பைலட் அழுத்தத்திலேயே திறந்துவிடும். உடனே பாரம் பம்ப் எண்ணெயை முந்தி ஓடும், பைலட் அழுத்தம் விழும், வால்வு மூடும், மறுபடி திறக்கும். அதுதான் துடிப்பு.

பூமைக் கீழே இறக்கி வைத்துவிட்டு 3:1 வால்வு போட்டேன். திறக்க இப்போது சுமார் 15 பார் வேண்டும்; எண்ணெய் கொஞ்சம் கூடச் சூடாகும், சரி. மிச்ச நடுக்கம் பைலட் வழியில் எண்ணெய் ஓட்டத்தை மட்டுப்படுத்தும் சின்னத் துளையுள்ள ஓரிஃபிஸ் போட்டதும் நின்றது.