அமீரகத்தில் வேலையை விடுகிறீர்களா? கேன்சல் தாளில் கையெழுத்து போடும் முன்

துபாய், ஷார்ஜா, அபுதாபியில் சாதாரண தனியார் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கான விளக்கம் இது. வீட்டுப் பணியாளர்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. துபாயின் DIFC, அபுதாபியின் ADGM என்ற நிதி மண்டலங்கள் இரண்டுக்கும் விதிகள் வேறு. மற்ற எல்லோருக்கும் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டம்தான் அடிப்படை.

படி 1: நோட்டீஸை எழுத்தில் கொடுங்கள்

முதலில் ஒப்பந்தத்தை எடுத்து நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்று பாருங்கள். சட்டப்படி அது 30 நாளுக்குக் குறையாமலும் 90 நாளுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்புங்கள். "மேனேஜரிடம் வாயால் சொல்லிவிட்டேன்" என்பது பிறகு எங்கும் செல்லாது. கடைசி வேலை நாள் எது என்பதையும் தேதி போட்டு எழுதுங்கள்.

தகுதிகாண் காலத்தில் இருந்தால் கணக்கு வேறு. நாட்டை விட்டுக் கிளம்புவதாக இருந்தால் 14 நாள், அங்கேயே வேறு கம்பெனிக்கு மாறுவதாக இருந்தால் ஒரு மாதம்.

நோட்டீஸ் நாட்களில் வேலைக்குப் போய்க்கொண்டே இருங்கள். முழுச் சம்பளமும் உண்டு. பாதியில் நின்றால், மீதி நாட்களின் சம்பளத்தை நீங்கள்தான் கம்பெனிக்கு ஈடு கட்ட வேண்டியிருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனால், வேலையை விட்டு ஓடிவிட்டார் என்ற ஆப்ஸ்காண்டிங் புகாருக்கும் வழி திறந்துவிடுவீர்கள்.

படி 2: உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள்

கம்பெனி தரும் செட்டில்மென்ட் தாளுக்காகக் காத்திருக்காதீர்கள். ஓராண்டு முடித்தவருக்குக் கிராஜுட்டி என்ற பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு 30 நாள். தானாக ராஜினாமா செய்தால் கிராஜுட்டியில் வெட்டு விழும் என்று இன்னும் சிலர் சொல்வார்கள். அது பழைய சட்டத்தின் கதை.

ஒருவர் மூன்றரை ஆண்டு வேலை பார்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் சம்பளம் 3,500 திர்ஹாம், அதில் பேசிக் 2,000. பேசிக்கை 30-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்குச் சுமார் 66.67. அதை 21-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 1,400. மூன்றரை ஆண்டுக்கு 4,900 திர்ஹாம். எடுக்காத விடுப்பு 12 நாள் இருந்தால் அதற்கு 800, இதுவும் பேசிக்கில்தான். கடைசி மாதச் சம்பளம் மட்டும் படிகளோடு சேர்த்து முழு 3,500. ஆக மொத்தம் 9,200.

பேசிக் குறைவாகவும் படிகள் அதிகமாகவும் ஒப்பந்தம் போடும் கம்பெனிகள் ஏராளம். ஏன் என்பது இந்தக் கணக்கைப் போட்டால் புரிந்துவிடும். சம்பளமில்லா விடுப்பு எடுத்த நாட்கள் சேவைக் காலத்தில் சேராது என்பதையும் கவனியுங்கள்.

படி 3: கேன்சல் தாள்

விசாவைக் கேன்சல் செய்வது கம்பெனியின் வேலை. முதலில் தொழிலாளர் அமைச்சகமான MOHRE-யில் லேபர் கேன்சல், அப்புறம் குடியேற்றத் துறையில் ரெசிடென்ஸி கேன்சல். லேபர் கேன்சலுக்கு உங்கள் கையெழுத்து கேட்பார்கள். பலர் சிக்குவது இங்கேதான். "எனக்குச் சேர வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது" என்ற வாசகம் அந்தத் தாளிலேயே இருக்கும்.

"முதலில் கையெழுத்து போடுங்க, பணம் அடுத்த வாரம் கணக்குல வரும்" என்று கம்பெனியின் விசா வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ. சொல்வார். வேலை முடிந்த 14 நாளுக்குள் கம்பெனி பாக்கியைக் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். அதனால் பணம் வந்தபின் கையெழுத்து போடுவதே சரி. அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்தால், தொகையும் தேதியும் குறிப்பிட்ட கடிதமோ காசோலையோ வாங்கிக்கொண்டு போடுங்கள். வங்கியில் கடன் இருந்தால், செட்டில்மென்ட் பணம் விழுந்ததும் வங்கி அதை நிறுத்தி வைக்கக்கூடும், முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

படி 4: எத்தனை நாள் தங்கலாம்

கேன்சல் ஆன உடனே கிளம்ப வேண்டியதில்லை. சலுகைக் காலம் உண்டு. முன்பு எல்லோருக்கும் 30 நாள். இப்போது விசா வகையைப் பொறுத்து 180 நாள் வரை கூட மாறுகிறது. அறைத் தோழருக்கு 60 நாள் கிடைத்தது என்பதால் உங்களுக்கும் அதே என்று எண்ண வேண்டாம். ரெசிடென்ஸி கேன்சல் தாளில் அச்சாகியிருக்கும் தேதியே முடிவு. அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம். அதற்குள் புது வேலை விசாவுக்கு மாறிக்கொள்ளலாம். குடும்பம் உங்கள் ஸ்பான்சரில் இருந்தால், அவர்கள் விசாவை என்ன செய்வது என்பதை உங்கள் விசா கேன்சலுக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

படி 5: பணம் வரவில்லையா

MOHRE ஆப்பில் புகார் பதியலாம், அல்லது 80084-க்கு அழைக்கலாம். ஒப்பந்தம், சம்பளம் வந்த வங்கி அறிக்கை, ராஜினாமா மின்னஞ்சல் மூன்றும் கையில் இருக்கட்டும். கோரிக்கை 50,000 திர்ஹாமுக்குள் இருந்தால் அமைச்சகமே தீர்ப்பு சொல்ல முடியும். ஊருக்குத் திரும்பிவிட்டால் இதைத் துரத்துவது கடினம், ஆகவே சலுகைக் காலம் ஓடும்போதே பதிந்துவிடுங்கள்.