அவதானிப்பு நிரலில் பெயர் எழுதாதீர்கள்: உப்புப் பகுப்பில் புள்ளி போகும் இடங்கள்

கொழும்பில் உயர்தர இரசாயனவியல் மாணவர்கள் பாடசாலையிலும் வெள்ளவத்தைப் பக்கத்து டியூஷன் வகுப்புகளிலும் கற்றயன் அட்டவணையை நன்றாகவே பாடமாக்கி வருகிறார்கள். செய்முறைத் தாளில் அவர்களுக்குப் புள்ளி குறைவது பெரும்பாலும் அட்டவணை தெரியாததால் அல்ல, கண்டதையும் கருதியதையும் ஒன்றாகக் கலந்து எழுதுவதால்தான்.

ஓர் உப்பை எடுத்துப் பார்ப்போம். வெள்ளைப் பளிங்குகள், நீரில் கரைந்து நிறமற்ற கரைசலைத் தருகின்றன. உள்ளே இருப்பது நாக சல்பேற்று, ஆனால் மாணவருக்கு அது தெரியாது. சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்ததும் ஒரு வெண்ணிறப் பொருள் உண்டாகிறது. இந்த இடத்தில் பலர் அவதானிப்பு நிரலில் "நாக ஐதரொட்சைட்டு உண்டானது" என்று எழுதிவிடுகிறார்கள். அதைக் கண்ணால் யாரும் பார்க்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது "ஜெலி போன்ற வெண்ணிற வீழ்படிவு". மிகையாகச் சேர்த்துக் குலுக்கினால் "வீழ்படிவு கரைந்து நிறமற்ற கரைசல் கிடைத்தது". இவ்வளவுதான் அந்த நிரலுக்கு உரியது.

"தெளிவான கரைசல்" என்று மட்டும் எழுதுவதும் போதாது. செப்பு சல்பேற்றுக் கரைசலும் தெளிவானதுதான், ஆனால் நீலம். கலங்கலா இல்லையா என்பது ஒன்று, நிறம் வேறொன்று. அதேபோல் "காபனீரொட்சைட்டு வெளியேறியது" என்பதும் அவதானிப்பு இல்லை. நுரைத்தெழுந்ததும், வந்த நிறமற்ற வாயு சுண்ணாம்பு நீரைப் பால்நிறமாக்கியதும்தான் அவதானிப்பு.

இனி அனுமான நிரல். நமது வெண்ணிற வீழ்படிவு மிகையான சோடியம் ஐதரொட்சைட்டில் கரைந்தது. உடனே "Zn²⁺ உண்டு" என்று எழுதினால், விடை கடைசியில் சரியாகவே வந்தாலும் இந்தப் படி பிழை. அலுமினியமும் ஈயமும் இதே மாதிரித்தான் நடந்துகொள்ளும். ஆகவே "Zn²⁺, Al³⁺ அல்லது Pb²⁺ இருக்கலாம்; Mg²⁺ இல்லை" என்று எழுதுங்கள். மகனீசியத்தின் வெண்ணிற வீழ்படிவு மிகையில் கரையாது என்பதால் அதை இப்போதே நீக்கிவிடலாம். ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் இந்தப் பட்டியல் சுருங்கிக்கொண்டே வர வேண்டும். நான் தாள் திருத்தும்போது முதலில் தேடுவது அதைத்தான்.

அடுத்தது அமோனியாக் கரைசல். அலுமினியத்தின் வீழ்படிவும் ஈயத்தின் வீழ்படிவும் மிகையான அமோனியாவில் கரையாமல் நிற்கும், நாகத்தினது கரைந்துவிடும். நாகத்தை மற்ற இரண்டிலிருந்தும் பிரிக்கும் சோதனை இதுதான், அதிகம் சொதப்புவதும் இதில்தான். துளிக்குழாயை ஒரே அமுக்கில் அழுத்தி ஊற்றினால், நாகத்தின் வீழ்படிவு தெரிவதற்கு முன்பே கரைந்துவிடும். மாணவர் பார்ப்பது நிறமற்ற கரைசல் மட்டுமே. "மாற்றமில்லை" என்று எழுதுகிறார், அத்தோடு "நாகம் இல்லை" என்ற பிழையான அனுமானமும் வந்துவிடுகிறது. 2 cm³ அளவு கரைசலை எடுத்து, ஒரு துளி விட்டு, குலுக்கி, பார்த்து, பிறகு அடுத்த துளி விடுங்கள். இரண்டு நிலையையும் தனித்தனியே எழுதுங்கள்: சிறிதளவில் வெண்ணிற வீழ்படிவு, மிகையில் கரைந்தது.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. "மிஸ், எவ்வளவு ஊற்றியும் கரையுதில்லை" என்று வருவார்கள். பார்த்தால் சோதனைக்குழாய் முக்கால்வாசி உப்புக் கரைசலால் நிரம்பியிருக்கும், அதற்குமேல் மிகையாகச் சேர்க்க இடமே இருக்காது. அதைக் கொட்டிவிட்டுக் குறைந்த அளவில் திரும்பச் செய்யுங்கள். நடக்காத கரைதலை நடந்ததாக எழுத வேண்டாம்.

அனயனுக்குப் புதிய பங்கு கரைசல் எடுங்கள், காரம் சேர்த்த குழாயிலேயே தொடராதீர்கள். பேரியம் குளோரைட்டுடன் வெண்ணிற வீழ்படிவு வந்தால் மட்டும் சல்பேற்று என்று முடிவெடுக்க முடியாது. காபனேற்றும் சல்பைற்றும் அதைத் தரும், ஆனால் அவற்றின் வீழ்படிவுகள் ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் கரைந்துவிடும். "ஐதான HCl இல் கரையவில்லை" என்ற வரி தாளில் இருந்தால்தான் SO₄²⁻ என்ற அனுமானம் நிற்கும். இங்கே சல்பூரிக் அமிலம் பாவித்தால் சல்பேற்றை நீங்களே போட்டதாகிவிடும். குளோரைட்டுச் சோதனையில் அமிலமாக்க நைத்திரிக் அமிலத்தையே எடுப்பதும் இதே காரணத்தால்தான். உப்பைக் குழாய்த் தண்ணீரில் கரைத்தாலும் வெள்ளி நைத்திரேற்றுடன் இலேசான கலங்கல் வரக்கூடும், காய்ச்சி வடித்த நீரையே பாவியுங்கள்.

ஈயம் இருக்கலாம் என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை என்றால் பேரியம் குளோரைட்டு உங்களை ஏமாற்றும். ஈயமும் குளோரைட்டும் சேர்ந்தே வெண்ணிற வீழ்படிவு தரலாம். அப்போது பேரியம் நைத்திரேற்றும் ஐதான நைத்திரிக் அமிலமும் எடுங்கள். நமது உப்பில் அமோனியாச் சோதனையே ஈயத்தை நீக்கிவிட்டது. ஈய சல்பேற்று நீரில் கரையாது என்பதால், நன்றாகக் கரைந்த ஒரு சல்பேற்றில் ஈயம் இருக்கவும் முடியாது. இந்தக் காரணத்தையும் அனுமான நிரலில் ஒரு வரியாக எழுதிவிட்டு, அதன்பிறகு Zn²⁺, SO₄²⁻ என்று முடியுங்கள்.