பெருநாள் காலை: குளிப்பிலிருந்து முஆனகா வரை தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோன்புப் பெருநாள் காலையில் நடக்கும் முதல் தவறு முந்தின இரவிலேயே தொடங்கிவிடுகிறது. பிறை அறிவிப்பு வந்ததும் கடைத்தெரு, தையற்கடை, கறிக்கடை, மருதாணி என்று ஊர் முழுக்க விழித்திருக்கும். படுக்கும்போது மணி இரண்டு. அப்புறம் சுபுஹு பாங்கு காதில் விழாது. ஏழு மணிக்கு எழுந்து அவசரமாகக் குளித்து, புதுச் சட்டையில் ஈத்காஹுக்கு ஓடுகிறோம். பெருநாள் தொழுகை ஹனஃபி மத்ஹபில் வாஜிப், ஷாஃபியில் வலியுறுத்தப்பட்ட சுன்னத். சுபுஹு இரண்டிலும் ஃபர்ளு. முப்பது நாளும் ஸஹருக்கு எழுந்து சுபுஹை விடாமல் தொழுதவர், பெருநாளன்று அதை விட்டுவிட்டு வந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கும். நானும் அப்படி நின்றிருக்கிறேன்.

அந்தக் காலையில் செய்ய வேண்டிய எல்லாமே தொழுகைக்கு முன்னால் முடிய வேண்டியவை: குளிப்பு, பேரீச்சம்பழம், பித்ரா. அதனால் தொழுகை நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். எங்கள் வீட்டில் ஐந்து பேர், குளியலறை ஒன்று. ஒரு வருடம் ஜமாஅத் ஏழரைக்கு என்று அறிவித்திருந்தார்கள். மைதானம் இருபது நிமிட நடை. ஏழே காலுக்கு ஸஃபில் உட்கார வேண்டுமென்றால் ஆறு ஐம்பத்தைந்துக்குக் கிளம்ப வேண்டும். ஆளுக்குப் பத்து நிமிடம் என்றாலும் குளிக்க ஐம்பது நிமிடம் ஆகும், உடுத்த இன்னும் கொஞ்சம். ஆக, சுபுஹு தொழுததும் ஐந்தே முக்காலுக்கு முதல் ஆள் குளியலறைக்குள் போயிருக்க வேண்டும். நாங்கள் ஆறரைக்குத்தான் தொடங்கினோம். கடைசியில் போன நான் முதல் ரக்அத்தைத் தவறவிட்டேன். அன்றிலிருந்து பிறை இரவிலேயே குளிக்கும் வரிசையைப் பேசி வைத்துக்கொள்கிறோம்.

குளிப்பைப் பற்றி இரண்டு குழப்பங்கள் உண்டு. ‘ராத்திரியே எண்ணெய் தேய்த்துக் குளித்தாச்சு, காலையில் மேல் கழுவினால் போதும்’ என்பது ஒன்று. இந்தக் குளிப்பு பெருநாளுக்கான சுன்னத். ஷாஃபி மத்ஹபில் நள்ளிரவு கடந்ததும் இதன் நேரம் வந்துவிடுகிறது, ஆனால் சுபுஹு நேரம் வந்தபின் குளிப்பதே மேல். தொழுகைக்குப் போகுமுன் குளிப்பதுதான் நோக்கம். நோன்புப் பெருநாளன்று தொழுமிடத்துக்குப் போகுமுன் இப்னு உமர் (ரலி) குளிப்பார்கள் என்று இமாம் மாலிக்கின் முவத்தாவில் இருக்கிறது. இரண்டாவது குழப்பம், குளித்தபின் ஒலு முறிந்ததைக் கவனிக்காமல் போவது. பெரும்பாலான ஈத்காஹ் மைதானங்களில் ஹவுள் கிடையாது, குழாயும் ஒன்றிரண்டுதான் இருக்கும். கிளம்பும் நிமிடத்தில் ஒலு இருக்கிறதா என்று ஒருமுறை யோசித்துவிட்டு, சந்தேகமாக இருந்தால் வீட்டிலேயே செய்துவிடுவது நல்லது. அப்புறம் இருப்பதில் நல்ல உடை, அத்தர். உடை புதியதாக இருக்க வேண்டும் என்று இல்லை. துவைத்து மடித்து வைத்த பழைய வெள்ளைச் சட்டையும் பெருநாள் உடைதான். புதுசு வரவில்லையே என்று பிள்ளைகள் முகம் வாடும் வீடுகளில் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இனி பேரீச்சம்பழம். இரண்டு பெருநாளையும் ஒன்றாக நினைப்பதால் இதில் அதிகம் பேர் தவறுகிறார்கள். ஹஜ்ஜுப் பெருநாளில் தொழுதுவிட்டு வந்து சாப்பிடுவது சுன்னத். நோன்புப் பெருநாளில் அதற்கு நேர்மாறு. சில பேரீச்சம்பழங்களைச் சாப்பிடாமல் நபி (ஸல்) அவர்கள் நோன்புப் பெருநாள் காலையில் புறப்பட மாட்டார்கள் என்று அனஸ் (ரலி) அறிவித்த செய்தி புகாரியில் இருக்கிறது. ஒற்றைப்படையாகச் சாப்பிடுவார்கள் என்பதும் அங்கேயே வருகிறது. இன்று நோன்பு வைப்பது ஹராம். ஒரு மாதப் பழக்கத்தில் வாயைக் கட்டிக்கொண்டு வெறும் வயிற்றோடு கிளம்பிவிடாமல், நோன்பு முடிந்தது என்பதை விடியலிலேயே செயலில் காட்டுகிறோம். வெறும் வயிற்றோடு போவது ‘பேணுதல்’ என்று நினைத்து வரும் பெரியவர்களையும் பார்த்திருக்கிறேன். வெயில் ஏறிய மைதானத்தில் அவர்களுக்குத் தலை சுற்றியதையும் பார்த்திருக்கிறேன்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. இடியாப்பம், கறி ஆணம், வட்டிலப்பம் என்று முழுப் பசியாறலையும் முடித்துவிட்டுக் கிளம்பப் பார்ப்பார்கள். ஹராம் ஒன்றுமில்லை. ஆனால் அதைச் சமைத்துப் பரிமாறும் பெண்கள் குளிக்க முடியாமல், தக்பீர் சொல்லக்கூட நேரமில்லாமல் அடுப்படியில் நிற்பார்கள். மூன்று பழம், ஒரு டம்ளர் தண்ணீர், அதோடு கிளம்பலாம். மற்றதெல்லாம் வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம். சர்க்கரை நோயாளிக்கு ஒன்றே போதும், அதுவும் ஒற்றைப்படைதானே. பழம் இல்லையென்றால் இருப்பதில் ஏதாவது ஒன்று. எங்கள் வீட்டில் முந்தின இரவே ஆளுக்கு மூன்றாக எண்ணி, செருப்பு அலமாரி மேல் ஒரு தட்டில் மூடி வைத்துவிடுகிறோம். கண்ணில் பட்டால்தான் நினைவு வரும்.

அதே தட்டுக்குப் பக்கத்தில் பித்ராவும் நினைவுக்கு வர வேண்டும். நம் ஊர்களில் ஆளுக்கு இரண்டரைக் கிலோ அரிசி என்று கணக்கிடுவது வழக்கம். ஐந்து பேருக்குப் பன்னிரண்டரைக் கிலோ. மக்கள் தொழுகைக்குப் புறப்படுமுன் கொடுக்கச் சொன்னது நபிகளின் கட்டளை. தொழுதபின் கொடுத்தால் அது சாதாரண தர்மம்தான் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்த செய்தியில் வருகிறது. மைதான வாசலில் நீட்டப்படும் துணியில் சில்லறை போட்டுவிட்டு பித்ரா முடிந்தது என்று போகிறவர்கள் அந்தக் கணக்கை ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

ஈத்காஹில் நுழைந்ததும் பலர் இரண்டு ரக்அத் சுன்னத் தொழத் தக்பீர் கட்டிவிடுவார்கள். பெருநாள் தொழுகைக்கு முன்னும் பின்னும் நபி (ஸல்) வேறு தொழவில்லை. பாங்கும் இகாமத்தும் கூடக் கிடையாது. பாங்கு சொல்வார்கள், அப்போது எழுந்து நிற்கலாம் என்று பின்னால் நின்று பேசிக்கொண்டிருப்பவர் அதனாலேயே பிந்திவிடுவார். ஸஃபில் உட்கார்ந்து தக்பீர் சொல்லிக்கொண்டிருப்பதுதான் அந்த நேரத்து வேலை. இன்னும் வராத மச்சானுக்காக விரிப்பைப் போட்டு இடம் பிடிப்பது, பிந்தி வந்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களின் தோளைத் தாண்டி முன் வரிசைக்குப் போவது, ஆம்புலன்ஸ் போக முடியாதபடி சாலையில் பைக்கை நிறுத்துவது எல்லாம் பிறருக்குத் தொல்லை. அதைக் கொடுத்துவிட்டு நன்மையை எதிர்பார்க்க முடியாது.

தொழுகைக்குள் நடக்கும் குழப்பத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் ஹனஃபி ஊர்க்காரன். ஒரு வருடம் நண்பர் வீட்டு விருந்தாளியாகக் கடற்கரை ஊர் ஒன்றில் பெருநாள். காயல்பட்டினம், கீழக்கரை போல அதுவும் ஷாஃபி ஊர். இமாம் தக்பீர் கட்டியதும் எங்கள் வழக்கப்படி மூன்று தக்பீரை எண்ணிவிட்டு, ஃபாத்திஹா வரும் என்று கையைக் கட்டினேன். நான்காவது தக்பீர் வந்தது. ஐந்து, ஆறு, ஏழு. பக்கத்தில் இருந்தவர்கள் கையை உயர்த்த, நான் திகைத்து நின்றேன். ஷாஃபியில் ஆரம்பத் தக்பீருக்குப் பின் முதல் ரக்அத்தில் ஏழு, இரண்டாவதில் ஐந்து. இரண்டுமே ஓதுவதற்கு முன்னால். ஹனஃபியில் இரண்டிலும் மும்மூன்று. ஆனால் இரண்டாவது ரக்அத்தில் ஓதி முடித்து, ருகூவுக்கு முன்னால்.

எங்கள் பக்கத்து ஊர்களில் வருடா வருடம் தவறு நடப்பது அந்த இரண்டாவது ரக்அத்தில்தான். சூரா முடிந்து இமாம் ‘அல்லாஹு அக்பர்’ என்றதும் பழக்கத்தில் பாதி ஸஃபு ருகூவுக்குக் குனிந்துவிடும். மீதிப் பேர் கையை உயர்த்தித் தொங்க விட்டிருப்பார்கள். நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்: சூராவுக்குப் பின் மூன்று முறை கையை உயர்த்தி விட வேண்டும், நான்காவது தக்பீரில்தான் ருகூவு. அப்படியே குனிந்துவிட்டாலும் பதற வேண்டாம், நிமிர்ந்து இமாமோடு சேர்ந்துகொள்ளலாம். வெளியூரில் என்றால் தொழுகைக்கு முன்பே பக்கத்தில் இருப்பவரிடம் ‘இங்கே எத்தனை தக்பீர், பாய்?’ என்று கேட்டுவிடலாம். அன்று எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

ஸலாம் கொடுத்த மறுகணமே மைதானம் எழுந்துவிடுகிறது. இங்கே குத்பா தொழுகைக்குப் பின்னால்தான். ஜும்ஆவில் முன்னால் கேட்டுப் பழகியவர்கள் தொழுகை முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். மக்கள் உட்காராமல் கலைகிறார்கள் என்பதற்காக மதீனாவின் ஆளுநராக இருந்த மர்வான் குத்பாவைத் தொழுகைக்கு முன்னால் கொண்டுவந்ததும், அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவரது ஆடையைப் பிடித்து இழுத்துத் தடுக்கப் பார்த்ததும் புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஆக, இந்தப் பழக்கம் மிகப் பழையது. எழுந்து போனால் தொழுகை கெடாது. ஆனால் இமாம் பேசிக்கொண்டிருக்கும்போது நடு வரிசையில் நின்று கட்டிப்பிடிப்பதும் போட்டோ எடுப்பதும் கேட்க உட்கார்ந்தவரின் உரிமையைப் பறிப்பது. பத்துப் பதினைந்து நிமிடம் முஆனகா காத்திருக்கட்டும்.

வாழ்த்தைப் பொறுத்தவரை, ஸலாமை விட்டுவிட்டு நேராக ‘ஈத் முபாரக்’ என்று தொடங்குவதுதான் எனக்கு உறுத்தும். முதலில் ஸலாம், பிறகு வாழ்த்து. ஸஹாபாக்கள் பெருநாளில் சந்தித்தால் சொன்னதாக வந்திருப்பது ‘தகப்பலல்லாஹு மின்னா வமின்கும்’, அதாவது எங்களிடமிருந்தும் உங்களிடமிருந்தும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. கேட்டவர் அதையே திருப்பிச் சொல்லலாம். ஈத் முபாரக்கும் பெருநாள் வாழ்த்தும் தப்பில்லை, வாழ்த்துச் சொற்கள் ஊர் வழக்கத்தைச் சேர்ந்தவை. முழங்கால் வலியோடு நாற்காலியில் இருக்கும் பெரியவரை எழுப்பி மூன்று முறை கட்டிப்பிடிக்க வேண்டாம், குனிந்து முஸாபஹா செய்தால் போதும். அண்மையில் மவுத்தான வீட்டுக்காரரிடம் குரலை உயர்த்தி வாழ்த்தாமல், கையைப் பிடித்து அந்த துஆவை மட்டும் சொல்லலாம்.

திரும்பும்போது வேறு வழியாக வருவது நபிவழி. எங்கள் மைதானத்திலிருந்து அந்த வழி குளத்தங்கரைத் தெருவைச் சுற்றி வருகிறது, பத்து நிமிடம் கூடுதல். அங்கே தனியாக இருக்கும் ஒரு நன்னியம்மா திண்ணையில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவரின் ஸலாமுக்கும் பதில் சொல்லுவார். நேர்வழியில் வந்திருந்த வருடங்களில் அவரை நாங்கள் பார்த்ததே இல்லை.