பாத்ரூம் தரை காயவில்லையா? எக்ஸாஸ்ட் ஃபேனை மாற்றும் முன் ஜாலி ஓரத்து வாட்டத்தைப் பாருங்கள்

காலை ஏழு மணிக்குக் குளித்து முடித்தால் மாலை வரை எங்கள் பாத்ரூம் தரையில் ஈரம் இருந்தது. ஜாலியிலிருந்து ஒரு சாண் தள்ளி, தட்டு அளவுக்குத் தண்ணீர் தேங்கி நிற்கும். கால் வைத்தால் வழுக்கும். ஓரத்து கிரவுட் கருத்து, பாசி பிடிக்கத் தொடங்கிவிட்டது. முதலில் ஃபேன் போதவில்லை என்று நினைத்துப் பெரியதாக ஒன்று வாங்கி மாட்டினேன். சுவர் சீக்கிரம் காய்ந்தது, தரை அப்படியேதான் இருந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. குளித்து முடித்ததும் டைல் மேல் படலமாக ஒட்டியிருக்கும் ஈரம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான் இருக்கும். காற்று ஓடினால் அது ஓரிரு மணி நேரத்தில் போய்விடும். 4 மி.மீ. ஆழத்துக்குத் தேங்கிய தண்ணீர் அதைப் போல் பல மடங்கு. மூடிய, புழுக்கமான அறையில் அது ஆவியாகி முடிய ஒரு நாளும் ஆகலாம், அதற்குள் அடுத்த குளியல் வந்துவிடும். தேங்கிய தண்ணீரை ஜாலிதான் வாங்க வேண்டும், ஃபேனால் ஆகாது. அதனால் முதலில் வாட்டம், அதாவது ஜாலியை நோக்கிய தரைச் சரிவு; அப்புறம் காற்று.

படி 1: தண்ணீர் எங்கே நிற்கிறது என்று குறியுங்கள்

தரை முழுக்கக் காய்ந்திருக்கும் நேரத்தில், வாசல் பக்கமிருந்து மக்கில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். வாளியைக் கவிழ்க்காதீர்கள். வேகமாக வரும் தண்ணீர் மேட்டையும் தாண்டி ஜாலிக்குள் போய்விடும், குறை தெரியாது. நான்கைந்து மக் ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். நின்றுபோன தண்ணீரைச் சுற்றி மெழுகு கிரயானால் கோடு போடுங்கள். சாக்பீஸ் ஈரத்தில் கரைந்துவிடும்.

ஆழம் பார்க்க ஸ்டீல் ஸ்கேல் வேண்டும். அதில் பெரும்பாலும் விளிம்பிலிருந்தே பூஜ்யம் தொடங்கும். பிளாஸ்டிக் ஸ்கேலில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் தொடங்கும் என்பதால் அளவு தப்பும். ஆழம் ஒரு மி.மீ. அளவில் இருந்தால் விட்டுவிடுங்கள். சொரசொரப்பான டைலில் அவ்வளவு தண்ணீர் தானாகவே ஒட்டி நிற்கும், வைப்பர் போட்டால் போதும். 2 மி.மீ.க்கு மேல் இருந்தால் அது வாட்டக் குறை.

ஒன்றை மறக்காதீர்கள்: ஜாலியைத் தூக்கி, முடி அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தண்ணீர் ஜாலியின் மேலேயே நின்று மெல்ல இறங்கினால் அது அடைப்பு. ஜாலி காய்ந்து, பக்கத்தில் மட்டும் தண்ணீர் நின்றால் அது வாட்டம்.

படி 2: வாட்டத்தை அளப்பது (நான் தப்பு செய்த இடம்)

60 செ.மீ. ரசமட்டத்தை ஜாலியை நோக்கி வையுங்கள். ஜாலிப் பக்கத்து முனையைக் குமிழ் நடுவுக்கு வரும் வரை தூக்கி, அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். 10 மி.மீ. என்றால் 60-க்கு 1 வாட்டம். குளிக்கும் தரைக்கு அது நல்ல அளவு. 12 மி.மீ. என்றால் 50-க்கு 1, இன்னும் நல்லது. 6 மி.மீ. என்றால் 100-க்கு 1, டைல் பதிப்பதில் சின்னப் பிசகு வந்தாலும் தண்ணீர் நிற்கும்.

எங்கள் பாத்ரூமில் வாசலிலிருந்து ஜாலிக்கு 180 செ.மீ. மூன்று முறை மட்டத்தை வைத்தேன். 11 மி.மீ., 10 மி.மீ., 5 மி.மீ. மொத்தம் 26. கடைசியில் கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் இறக்கம் இருக்கிறதே என்று நம்பி, டைல் போட்டவர் மேல் தப்பில்லை என்று விட்டுவிட்டேன். இரண்டு மாதம் வீணாயிற்று.

நீள மட்டம் பள்ளத்தின் மேல் பாலம் மாதிரி நின்றுகொள்ளும். இரண்டு முனைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அது சொல்லும், நடுவில் என்ன இருக்கிறது என்று சொல்லாது. 30 செ.மீ. மட்டம் ஒன்று வாங்கி அந்தக் கடைசி 60 செ.மீ.யை இரண்டாகப் பிரித்து அளந்தேன். முதல் பாதி 9 மி.மீ. இறங்கியது. அடுத்த பாதி, ஜாலி வரைக்கும், 4 மி.மீ. ஏறியது. ஒன்பதில் நான்கு போனால் ஐந்து. என் பெரிய மட்டம் காட்டிய ஐந்து அதுதான். கிரயான் கோட்டுக்குள் ஸ்கேல் காட்டிய ஆழமும் 4 மி.மீ. கணக்கு சரியாகப் பொருந்தியதும்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

அதனால் ஜாலியைச் சுற்றி நான்கு பக்கமும் சின்ன மட்டத்தால் அளங்கள். இந்த வேலைக்கு ஒரே ஒரு கருவி வாங்க முடியும் என்றால் 30 செ.மீ. ரசமட்டம் வாங்குங்கள். நீளமானது தேவைப்பட்டால் யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

படி 3: ஏன் ஏறியது என்று கண்டுபிடியுங்கள்

பள்ளத்தில் கிரவுட்டோ சிமெண்ட் பாலோ ஊற்றி நிரப்பாதீர்கள். நானும் செய்தேன். வழவழப்பான டைல் மேல் மெல்லிய பூச்சு பிடிக்காது, மூன்று வாரத்தில் அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது.

எங்கள் வீட்டில் மூல காரணம் டைல் அல்ல. ஜாலிக்கு அடியில் தண்ணீர் நின்று நாற்றத்தைத் தடுக்கும் டிராப்பின் குழாய்க் கழுத்தை உயரமாக வெட்டி விட்டிருந்தார்கள். அதன்மேல் ஜாலிச் சட்டம் உயரமாக உட்கார்ந்தது. சட்டத்தோடு சமமாக வர வேண்டும் என்று கடைசி டைல்களை மேல்நோக்கிப் பதித்துவிட்டார்கள். கழுத்தைக் குறைக்காமல் டைலை மட்டும் மாற்றினால் மறுபடியும் இதே கதைதான்.

உங்கள் அளவுகளில் ஜாலியே வாசலை விட உயரம் என்றோ, தண்ணீர் தரையில் பல இடங்களில் நிற்கிறது என்றோ தெரிந்தால் கீழே சொல்லும் ஒட்டு வேலை உதவாது. முழுத் தரையையும் எடுத்துப் போட வேண்டும்.

படி 4: சுற்றியுள்ள டைலை மட்டும் எடுத்துப் பதிப்பது

குழாய்க்குள் துணியைச் சுருட்டி அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் உடைந்த துண்டுகள் டிராப்பில் விழும். ஜாலியைச் சுற்றிய நான்கு டைல்களின் கிரவுட்டை அறுத்து எடுங்கள். கிரைண்டர் வேகமாக அறுக்கும், ஆனால் ஒரு நொடி வழுக்கினால் பக்கத்து நல்ல டைலில் கோடு விழும். அதிரும் பிளேடு உள்ள மல்டி டூல்தான் என் தேர்வு. நேரம் எடுக்கும், தூசி குறைவு, கை நடுங்கினாலும் ஆபத்தில்லை. கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

டைலை நடுவில் உடைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உளியைப் படுக்கையாக வைத்துப் பெயர்த்து எடுங்கள். உளியை நேராக நிறுத்தி அடித்தால் கீழே உள்ள வாட்டர்ப்ரூஃபிங் கிழியும்.

அடுத்து எவ்வளவு தாழ்த்துவது என்ற கணக்கு. ஏறியிருந்த 4 மி.மீ. போக வேண்டும். அதன் பிறகு 30 செ.மீ.க்கு 6 மி.மீ. இறக்கம் வேண்டும். ஆக 10. ஜாலி, டைலை விட 2 மி.மீ. தாழ்ந்திருந்தால் தண்ணீர் தயங்காமல் விழும். மொத்தம் 12 மி.மீ. அந்த அளவுக்குக் கழுத்தை ஹேக்சா பிளேடால் உள்பக்கமாகச் சுற்றி அறுத்தேன். டிராப்பில் நிற்கும் தண்ணீர் இதைவிட வெகு கீழே இருப்பதால் நாற்றம் வரும் பயம் இல்லை.

குழாயைச் சுற்றியும் உடைந்த இடங்களிலும் வாட்டர்ப்ரூஃபிங் இரண்டு கோட், பழையதன் மேல் நான்கு விரல் ஏறுகிற மாதிரி அடியுங்கள். முதல் கோட் காய்ந்த பிறகே இரண்டாவது.

பழைய 30 செ.மீ. டைலையே திரும்பப் பதிக்க நினைக்காதீர்கள். தட்டையான பெரிய டைல் ஒரு பக்கமாகத்தான் சாயும். நான்கு பக்கமிருந்தும் சாய வேண்டுமானால் மூலைக்கு மூலை வெட்ட வேண்டும். நான் 10 செ.மீ. சின்ன டைல் போட்டேன். ஒவ்வொன்றும் தன் சாய்வைத் தானே எடுத்துக்கொள்ளும், இடையிலுள்ள கிரவுட் கோடுகள் காலுக்குப் பிடிப்பும் தரும்.

பதிக்கும்போது ஒவ்வொரு வரிசைக்கும் மட்டம் வைத்துப் பாருங்கள். கிரவுட் போடுவதற்கு முன் தண்ணீர் ஊற்றிச் சோதிக்க வேண்டாம், இடுக்கு வழியாகக் கீழே இறங்கி உள்ளே தங்கிவிடும். ஒரு நாள் விட்டு கிரவுட், அதிலிருந்து மூன்று நாள் விட்டு மக் சோதனை. பழைய கிரயான் கோடு இருந்த இடத்தில் இப்போது பாதங்கள் பதித்த ஈரம் மட்டும்தான் இருந்தது.

படி 5: இப்போது ஃபேன்

ஃபேன் எவ்வளவு காற்றை வெளியே தள்ளுகிறதோ அவ்வளவு உள்ளே வர வேண்டும். கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, ஒரு டிஷ்யூவை அதன் கிரில்லில் வையுங்கள். கதவு திறந்திருக்கும்போது ஒட்டி, சாத்தியதும் தளர்ந்தால் உள்ளே வர வழியில்லை. கதவின் அடியில் 2 செ.மீ. இடைவெளி விடுங்கள். அந்தக் காற்று தரையை உரசிக்கொண்டு மேலே போகும் என்பதால் தரைக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஃபேன் பக்கத்தில் ஜன்னல் இருந்தால் அதை மூடி வையுங்கள். திறந்திருந்தால் காற்று ஜன்னல் வழியே வந்து ஃபேன் வழியே போய்விடும், தரைக்கு எதுவும் கிடைக்காது.

ஃபேன் அளவுக்கு, அறையின் கன அளவை 10-ஆல் பெருக்குங்கள். எங்கள் பாத்ரூம் சுமார் 6 கன மீட்டர், ஆக மணிக்கு 60 கன மீட்டர் போதும். சின்ன ஃபேனே போதுமானது. நான் மாற்றியது வீண் செலவு. குளித்ததும் ஒரு தரம் வைப்பர் போட்டு, அரை மணி நேரம் ஃபேனை ஓட விட்டால் இப்போது தரை ஒன்பது மணிக்குள் காய்ந்துவிடுகிறது.

பின்சேர்க்கை: தண்ணீர் தேங்கவே இல்லை, ஆனாலும் கிரவுட் கோடு எப்போதும் கருத்தே இருக்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். மூன்று நாள் அந்த பாத்ரூமைப் பயன்படுத்தாமல் விட்டுப் பாருங்கள். கோடு வெளுத்தால் டைலுக்கு அடியில் உள்ள சிமெண்ட் படுக்கை தண்ணீர் குடித்திருக்கிறது என்று அர்த்தம். விட்டுப்போன கிரவுட்டை எடுத்துப் புதிதாகப் போடலாம். வெளுக்காமலே இருந்தால் குழாய்க் கசிவாக இருக்கலாம். அப்போது மீட்டர் இருந்தால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு அது ஓடுகிறதா என்று பாருங்கள். மீட்டர் இல்லையென்றால் அந்த பாத்ரூமுக்கு வரும் வால்வை மட்டும் மூடி, மறுபடி மூன்று நாள் கோட்டைக் கவனியுங்கள்.