சரக்கு வரவு வைக்க ஒரு எஸ்ஓபி: முதல் முறை எழுதுபவர்களுக்கு

ஸ்டோர் கீப்பர் விடுப்பில் போன நாளில் வாசலில் லாரி வந்து நிற்கும். சரக்கை இறக்கி அடுக்க ஆள் இருக்கும். அதை ஈஆர்பி மென்பொருளில் வரவு வைக்கத்தான் ஆள் இருக்காது. அவர் திரும்பி வரும்வரை இருப்புக் கணக்கில் அந்தச் சரக்கு இல்லை. உற்பத்திப் பிரிவு கேட்டால் ‘ஸ்டாக் இல்லை’ என்று திரை சொல்லும், சரக்கோ கண்ணெதிரே கிடக்கும். இதற்காகத்தான் எஸ்ஓபி எனப்படும் செய்முறைக் குறிப்பு எழுதுகிறோம். ஆனால் எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதோடு நின்றுவிடுகின்றன. பொத்தான்களைப் புதியவர் தானே கண்டுபிடித்துவிடுவார். பழைய ஆள் வேலைக்கு நடுவே எடுக்கும் முடிவுகளைத்தான் அவரால் கண்டுபிடிக்க முடியாது. குறிப்பில் இடம்பெற வேண்டியவை அந்த முடிவுகள்.

ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். கோவையில் ஒரு சிறிய இயந்திர உதிரிபாகப் பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் ERPNext. வேலை, வாங்கிய இரும்புக் கம்பியை வரவு வைப்பது. திரையில் அதன் பெயர் `Purchase Receipt`. வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குப் பெயர்கள்தான் மாறும், வேலை இதுவே.

1. வேலைக்கு எல்லை போடுங்கள்

‘ஸ்டோர்ஸ் நடைமுறை’ என்று தலைப்பிட்டு எழுத உட்கார்ந்தால் குறிப்பு முடியவே முடியாது. ‘பர்ச்சேஸ் ஆர்டர் உள்ள சரக்கை வரவு வைத்தல்’ என்று சுருக்குங்கள். அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை ஒவ்வொரு வரியில் எழுதுங்கள். நம் வேலை ஓட்டுநர் டெலிவரி சலானைக் கையில் கொடுக்கும்போது தொடங்குகிறது. `Purchase Receipt` எண்ணை சலானில் எழுதி, அதைக் கணக்குப் பிரிவின் தட்டில் வைத்ததும் முடிகிறது. கணினியில் `Submit` அழுத்தியதோடு முடிந்துவிட்டதாக நினைத்தால் சலான் மேசையிலேயே கிடக்கும், பில் பாஸ் ஆகாது.

2. பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்

வேலை தெரிந்தவரிடமே ‘எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்காதீர்கள். அவருக்குக் கை பழகிவிட்டது. பாதி வேலை அவர் மனதிலேயே நடந்துவிடுவதால், எழுதும்போது அது விட்டுப்போகும். உண்மையான ஒரு சரக்கு வரும் நாளில், வேலை தெரியாத ஒருவர் நோட்டோடு அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அவர் கை எங்கே தயங்குகிறது, எந்தத் தாளைத் திருப்பிப் பார்க்கிறார், யாருக்குப் போன் செய்கிறார் என்று பாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் ‘இதை ஏன் பார்த்தீர்கள்?’ என்று கேளுங்கள்.

அப்படி உட்கார்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. ஆர்டர் 1000 கிலோ, 20 மி.மீ. உருளைக் கம்பி. முதல் லோடாக வந்த சலானில் ‘34 கம்பி, 500 கிலோ’ என்று இருக்கிறது. எடை மேடையில் 486 காட்டுகிறது. புதியவர் பார்த்தால் 14 கிலோ குறைகிறது என்பது மட்டும்தான் தெரியும், தராசு சரியில்லையோ என்றும் தோன்றும். ஸ்டோர் கீப்பரோ எழுந்து போய்க் கம்பிகளை எண்ணுகிறார். 33 இருக்கிறது.

அவர் போட்டது எளிய மனக்கணக்கு. கம்பியின் விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, வர்க்கப்படுத்தி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். 20 மி.மீ.க்கு 400 ÷ 162, அதாவது சுமார் 2.47 கிலோ. ஆறு மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி 14.8 கிலோ. குறைவு 14 கிலோ என்றதுமே ஒரு கம்பி வரவில்லை என்று அவருக்குப் பட்டுவிட்டது. இந்தக் கணக்கு ERPNext திரையில் எங்கும் கிடையாது. ஸ்கிரீன்ஷாட்களை ஒட்டி எத்தனை பக்கம் தயாரித்தாலும் இது அவற்றில் வராது. இதுதான் உங்கள் குறிப்பின் மிக முக்கியமான வரி.

3. படிகளை எழுதுங்கள்

ஒரு படியில் ஒரே ஒரு செயல் இருக்கட்டும். திரையில் உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் அப்படியே எழுதுங்கள். எந்தத் தாளிலிருந்து எந்த எண்ணை எடுப்பது, சரியாகச் செய்தால் திரையில் என்ன தெரியும் என்பதையும் கூடவே சொல்லுங்கள். நம் குறிப்பின் நடுப்பகுதி ஏறத்தாழ இப்படி அமையும்:

1. கம்பிகளை எண்ணுங்கள், எடை போடுங்கள். இரண்டையும் சலானின் பின்புறம் எழுதுங்கள். சலானோடு வேறுபட்டால் ஓட்டுநரிடம் அங்கேயே கையெழுத்து வாங்குங்கள்.
2. சலானில் உள்ள ஆர்டர் எண்ணைக் கொண்டு `Purchase Order`-ஐத் திறங்கள். நிலை `To Receive and Bill` என்று இருக்க வேண்டும். வேறு ஏதாவது இருந்தால் நிறுத்திவிட்டு, கொள்முதல் பிரிவைக் கேளுங்கள்.
3. `Create` அழுத்தி `Purchase Receipt`-ஐத் தேர்ந்தெடுங்கள்.
4. `Supplier Delivery Note` கட்டத்தில் சலான் எண்ணை நிரப்புங்கள்.
5. பொருள் வரிசையில் `Accepted Quantity` 1000 என்று தானாக வந்திருக்கும். அதை அழித்துவிட்டு எடை மேடை காட்டிய 486-ஐ இடுங்கள். அலகு `Kg` தானா என்று பாருங்கள்.
6. `Accepted Warehouse`-இல் மூலப்பொருள் கிடங்கு இருக்கிறதா என்று பாருங்கள்.
7. `Save` அழுத்துங்கள். ‘Draft’ என்று தெரியும். இப்போது சலானைக் கையில் வைத்துக்கொண்டு எண், அலகு, கிடங்கு மூன்றையும் மறுபடி படியுங்கள்.
8. `Submit` அழுத்துங்கள். நிலை `To Bill` என்று மாறும். மேலே தெரியும் ரசீது எண்ணை சலானில் எழுதி, கணக்குப் பிரிவின் தட்டில் வையுங்கள்.

ஐந்தாம் படியில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ஆர்டரிலிருந்து ரசீதை உருவாக்கினால், இன்னும் வர வேண்டிய அளவு முழுவதையும் மென்பொருள் தானே நிரப்பிவிடும். அதைப் பார்க்காமல் `Submit` அழுத்தினால் 486 கிலோவுக்குப் பதில் 1000 கிலோ இருப்பில் ஏறிவிடும். அன்று யாருக்கும் தெரியாது. இரண்டாவது லோடு வரும்போது ஆர்டரின் நிலை மாறியிருக்கும், இரண்டாம் படியே தடுத்துவிடும். அதற்குள் இல்லாத கம்பியை நம்பி உற்பத்தித் திட்டம் போட்டிருப்பார்கள். ஆகவே இந்த இடத்தில் காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள்: ‘தானாக வரும் எண் ஆர்டரின் மீதி, வந்த சரக்கு அல்ல.’ காரணம் தெரிந்தவர் அவசரத்திலும் அந்தப் படியைத் தாண்ட மாட்டார்.

ஏழையும் எட்டையும் பிரித்து எழுதியதற்கும் காரணம் உண்டு. `Save` செய்த நிலையில் எதையும் திருத்தலாம், இருப்பு மாறாது. `Submit` செய்ததும் இருப்பு ஏறிவிடும். அதன்பின் அளவைத் திருத்த `Cancel` செய்து, `Amend` மூலம் புதிய பிரதி எடுக்க வேண்டும். அதற்குள் கம்பியில் ஒரு பகுதியை உற்பத்திக்கு வழங்கியிருந்தால் ரத்தும் சிக்கலாகும். இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்று மென்பொருள் மறுக்கலாம். ரத்து செய்யும் முடிவைப் புதியவரிடம் விடாமல், யாரிடம் போக வேண்டும் என்று பதவியைக் குறிப்பிடுங்கள். ஆளின் பெயரை எழுதினால் அவர் வேலை மாறும் நாளில் குறிப்பும் பழசாகிவிடும்.

ஸ்கிரீன்ஷாட்களை அளவோடு சேருங்கள். இந்த வேலைக்கு ஐந்தாம் படிக்கு ஒன்று போதும். அதிகம் ஒட்டினால் மென்பொருளின் புதிய பதிப்பு வந்ததும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். யாரும் மாற்ற மாட்டார்கள்.

4. வழக்கம் மாறும் இடங்கள்

எல்லாச் சிக்கல்களையும் முன்கூட்டியே யோசித்து எழுதப் பார்க்காதீர்கள். ‘போன மாதம் எதற்கெல்லாம் உங்களுக்குப் போன் வந்தது?’ என்று ஸ்டோர் கீப்பரைக் கேளுங்கள். அந்தப் பட்டியல் போதும். நம் பட்டறையில் அநேகமாக இவை வரும்.

சரக்கு குறைவாக வந்தால் வந்ததை மட்டும் வரவு வையுங்கள். சலானில் இருப்பதை ஒருபோதும் இடக்கூடாது. எவ்வளவு குறைவு வரை வாங்கிக்கொள்ளலாம், எப்போது கொள்முதல் பிரிவைக் கூப்பிட வேண்டும் என்பதற்கு ஓர் எண் வேண்டும். ‘குறைவு அதிகமாக இருந்தால்’ என்று எழுதினால் புதியவர் மறுபடியும் பழைய ஆளுக்குத்தான் போன் செய்வார். ‘எண்ணிக்கை சரியாக இருந்து, எடை வேறுபாடு 5 கிலோவுக்குள் இருந்தால் வரவு வைக்கலாம்’ என்பது போல் எழுதுங்கள். அந்த எண்ணை முடிவு செய்ய வேண்டியவர் மேலாளர், குறிப்பு எழுதுபவர் அல்ல.

ஆர்டரைவிடக் கூடுதலாக வந்தால் மென்பொருள் ‘over limit’ என்று சொல்லித் தடுக்கும். `Stock Settings`-இல் அனுமதி விழுக்காட்டை உயர்த்தினால் அந்தத் தடை நீங்கிவிடும். ஆனால் அந்த அனுமதி ஒரு லோடுக்கு மட்டும் அல்ல, எல்லாப் பொருளுக்கும் பொருந்திவிடும். எனவே குறிப்பில் ‘அமைப்பை மாற்றாதீர்கள், ஆர்டரைத் திருத்தச் சொல்லிக் கொள்முதல் பிரிவுக்குத் தெரிவியுங்கள்’ என்று எழுதுங்கள்.

துருப்பிடித்த, வளைந்த கம்பிகள் இருந்தால் அவற்றின் எடையை `Accepted Quantity`-இலிருந்து கழித்து `Rejected Quantity`-இல் இட்டு, `Rejected Warehouse`-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிராகரித்ததைக் கணினியில் ஏற்றாமல் ஓரமாக வைத்துவிட்டால், திருப்பி அனுப்பும்போது கையில் எந்த ஆதாரமும் இருக்காது.

மார்ச் கடைசியில் வந்த சரக்கை ஏப்ரலில் வரவு வைக்க நேர்ந்தால் தேதி முக்கியம். மென்பொருள் அன்றைய தேதியை எடுத்துக்கொள்ளும். சரக்கு வந்த தேதியை இட `Edit Posting Date and Time` பெட்டியில் குறியிட வேண்டும். இல்லாவிட்டால் மார்ச் 31 இருப்புக் கணக்கில் சரக்கு விடுபடும். இதை அந்த வாரத்துக்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

5. புதியவரைக் கொண்டு சோதியுங்கள்

வேலை தெரியாத ஒருவரிடம் குறிப்பையும் உண்மையான சலானையும் கொடுங்கள். ஸ்டோர் கீப்பர் பின்னால் நிற்கலாம், வாய் திறக்கக் கூடாது. தவறு நேர்ந்தால் பாதகமில்லாதபடி சோதனைத் தளத்தில் செய்வது நல்லது. சோதனைத் தளம் இல்லையென்றால் `Save` வரை மட்டும் போகச் சொல்லுங்கள். அவர் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு இடமும் குறிப்பில் உள்ள ஓட்டை. ‘கிடங்கைச் சரிபார்க்கவும்’ என்ற வரியில் நின்றுவிட்டால், எந்தக் கிடங்கு என்று நீங்கள் எழுதவில்லை என்று பொருள். அவரைக் குறை சொல்லாமல் வரியைத் திருத்துங்கள்.

சோதிக்கும் நாளிலேயே அவருக்குச் சொந்தப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துவிடுங்கள். குறிப்பு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் உள்ளே நுழைய ஸ்டோர் கீப்பரின் கடவுச்சொல் தேவைப்பட்டால் அவரை நம்பித்தான் இருக்கிறோம். பதிவுகள் எல்லாம் அவர் பெயரிலேயே விழும், பிழையைச் செய்தது யார் என்று பின்னால் அறிய முடியாது.

6. குறிப்பை நடப்பில் வைத்திருங்கள்

முதல் பக்கத்தின் மேலே பதிப்பு எண், கடைசியாகத் திருத்திய தேதி, பொறுப்புள்ள பதவி ஆகிய மூன்றையும் எழுதுங்கள். அச்சிட்டு எடை மேடைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள், ஏனென்றால் முதல் படி அங்கேதான் நடக்கிறது. புதிய பதிப்பை ஒட்டும்போது பழைய தாளைக் கிழித்தெடுங்கள். மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள் ஒரு சலானைக் கொண்டு எட்டுப் படிகளையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். குறிப்பில் இல்லாத ஒன்றுக்காக ஸ்டோர் கீப்பருக்குப் போன் போனால், அந்தக் கேள்வியையும் பதிலையும் தாளின் ஓரத்தில் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை அந்தத் தாளை எடுத்து, ஓரத்தில் உள்ளவற்றை உரிய படிக்குள் சேர்த்து மறுபடி அச்சிடுங்கள்.